ரெஸ்யூமும் கவர் லெட்டரும் ஒரே கையில எழுதின மாதிரி இருக்கணும்னா: ஹெடர், பாரா இடைவெளி, கையெழுத்து இடம், முழு வழிகாட்டி

திருப்பூர்ல டிடிபி கடை வச்சிருக்கேனுங்க. தை நோம்பி முடிஞ்சு கம்பெனிகள்ல ஆள் எடுக்கற சமயம் வந்துட்டா காலையில இருந்தே ரெஸ்யூம் பிரிண்ட் எடுக்க ஆள் வந்துட்டே இருப்பாங்க. ரெஸ்யூம் முக்காவாசி பேரு நல்லாத்தான் பண்ணிட்டு வர்றாங்க, ஆனா கூட வர்ற கவர் லெட்டர் மட்டும் வேற யாரோ அடிச்சுக் கொடுத்த மாதிரி இருக்கும், எழுத்து வேற, ஓரம் வேற, பேரு இருக்கற இடம் வேற. ரெண்டையும் ஸ்டேப்ளர் போட்டுக் கொடுக்கறப்ப அது பளிச்சுனு கண்ணுல படும்.

போன மாசம் கோபி பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு அவங்க அப்பாவோட வந்துச்சு, பி.காம் முடிச்சிருக்கு, இங்க ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர் அசிஸ்டெண்ட் வேலைக்கு அப்ளை பண்ணணும். "அண்ணா, ரெண்டும் ஒரே மாதிரி தெரியணும், ஆனா எங்க தப்புன்னே தெரியல"ன்னு பென்டிரைவை நீட்டுச்சு. அந்த ரெண்டு ஃபைலையும் சரி பண்ணின கதையைத்தான் ஒவ்வொரு படியா இங்க எழுதறேன், உங்க ஃபைல்லயும் அனேகமா இதே கோளாறுதான் இருக்கும். நான் சொல்றது மைக்ரோசாஃப்ட் வேர்டுக்கு, மெனு பேரெல்லாம் ஸ்க்ரீன்ல தெரியற மாதிரியே போட்டிருக்கேன்.

முதல்ல ரெஸ்யூமை அளந்து பாருங்க

கவர் லெட்டரைத் தொடவே வேண்டாம் இப்போதைக்கு. ரெஸ்யூமைத் திறந்து ஒரு துண்டுச் சீட்டுல நாலு விஷயம் எழுதிக்கங்க: பேப்பர் சைஸ், நாலு பக்க மார்ஜின், எழுத்தோட பேரும் அளவும், பாராவுக்கு முன்னாடி பின்னாடி எத்தனை பாயிண்ட் இடைவெளி. முதல் ரெண்டும் `Layout` டேப்ல `Size`, `Margins`ல இருக்கு. மத்த ரெண்டுக்கும் சுருக்கு வழி ஒண்ணு இருக்குங்க, பேரு இருக்கற வரியில கர்சரை வச்சு `Shift+F1` அழுத்தினா வலது பக்கம் `Reveal Formatting`னு ஒரு பட்டை திறக்கும், அந்த வரியோட ஜாதகமே அதுல இருக்கும். அப்படியே போன் நம்பர் வரியில ஒருக்கா, கீழ சாதாரண வரியில ஒருக்கா கர்சரை வச்சுப் பாத்துக்கங்க.

அந்தப் பொண்ணோட ஃபைல்ல பாத்தப்ப ரெஸ்யூம் A4ல இருந்துச்சு, மார்ஜின் நாலு பக்கமும் 1.27 செமீ, கேலிப்ரி 11. கவர் லெட்டர் நெட்ல இருந்து இறக்கின டெம்ப்ளேட், அது Letter சைஸ், மார்ஜின் 2.54, டைம்ஸ் நியூ ரோமன் 12, பேரு நடுவுல. A4ங்கறது 21 செமீ அகலம் 29.7 உயரம், Letter 21.59 அகலம் 27.94 உயரம். நம்ம ஊர் பிரிண்டர்ல இருக்கறது A4 பேப்பர்தான், அதனால Letter ஃபைலைப் போட்டா பிரிண்டர் தானா சுருக்கி அடிக்கும், இல்லேன்னா கீழ வெள்ளையா விட்ரும், எழுத்து அளவே லேசா மாறிப்போகும். ஸ்க்ரீன்ல சரியாத் தெரியுது, பேப்பர்ல மட்டும் தப்பா வருதுன்னு சொல்றவங்க முதல்ல இதைத்தான் பாக்கணும்.

லெட்டரைப் புதுசா ஆரம்பிக்காதீங்க, ரெஸ்யூம்ல இருந்தே பொறக்கட்டும்

இதுதான் நான் எல்லாருக்கும் அடிச்சுச் சொல்றது. ரெண்டு தனித்தனி ஃபைலை வச்சுட்டு ஒண்ணைப் பாத்து ஒண்ணை ஒட்ட வைக்க முயற்சி பண்ணினா எங்கயாவது அரை மில்லிமீட்டர் தட்டும். ரெஸ்யூமைத் திறந்து `Save As` குடுத்து வேற பேர்ல சேவ் பண்ணிருங்க, மேல பேரு, போன், மெயில் இருக்கற பகுதியை மட்டும் வச்சுட்டு கீழ இருக்கறதையெல்லாம் அழிச்சிருங்க. மார்ஜின், எழுத்து, ஸ்டைல் எல்லாமே கூடவே வந்துரும், எதையும் திரும்ப செட் பண்ண வேண்டியதில்ல.

ஆனா அழிக்கறதுல ரெண்டு குழி இருக்குதுங்க. ஒண்ணு, நெறைய டெம்ப்ளேட்ல பேரு டெக்ஸ்ட் பாக்ஸுக்குள்ள இருக்கும், அந்த பாக்ஸ் எதாவது ஒரு பாராவோட கட்டிப் போட்டிருக்கும். அந்தப் பாராவை அழிச்சா பாக்ஸும் சேர்ந்து போயிரும், "அண்ணா பேரைக் காணோம்"னு அந்தப் பொண்ணு பதறுச்சு, அது இதனாலதான். ரெண்டாவது, ரெஸ்யூம்ல ரெண்டு காலம் வச்சிருந்தா நடுவுல செக்ஷன் பிரேக் இருக்கும். அதை அழிச்சா மேல இருக்கற பகுதி கீழ இருக்கற செக்ஷனோட அமைப்பை எடுத்துக்கும், அதனால நல்லா இருந்த ஹெடர் திடீர்னு பாதி அகலத்துக்குச் சுருங்கிப்போகும். அதுக்கு, அழிக்கறதுக்கு முன்னாடியே `Ctrl+A` குடுத்து `Layout`ல `Columns`ஐ `One`னு மாத்திருங்க, அதுக்கப்பறம் அழிங்க, தொந்தரவில்ல. டெக்ஸ்ட் பாக்ஸா இருந்தா உள்ள இருக்கற எழுத்தை வெட்டி எடுத்து வெளிய சாதாரண பாராவா ஒட்டிட்டு, ரெஸ்யூம்லயும் அதே மாதிரி மாத்திருங்க. ஒரு வேலை கூடுதல்தான், ஆனா அப்பறம் ஆயுசுக்கும் அந்த பாக்ஸ் நகர்ந்து உயிரை எடுக்காது.

ஹெடர்: பேரு, போன், ஒரு கோடு

பக்கத்தோட மேல் ஓரத்துல டபுள் கிளிக் பண்ணினா திறக்கற ஹெடர் பகுதி இருக்குதில்ல, அதுக்குள்ள பேரை வைக்கலாமான்னு நெறைய பேரு கேக்கறாங்க. நான் வைக்கச் சொல்றதில்ல. அதுல இருக்கற எழுத்து ஸ்க்ரீன்ல மங்கலாத் தெரியும், வெப்சைட்ல ரெஸ்யூம் அப்லோட் பண்ணறப்ப சில சாஃப்ட்வேர் அந்தப் பகுதியைப் படிக்காம விட்ரும், போன் நம்பரே இல்லாத ரெஸ்யூமாப் போய்ச் சேரும். அதனால சாதாரணப் பக்கத்துல முதல் ரெண்டு பாராவாவே வச்சிருங்க. ரெஸ்யூம் ரெண்டு பக்கம் வந்தா ரெண்டாவது பக்கத்துக்கு மட்டும் சின்னதா பேரும் பக்க எண்ணும் ஹெடர்ல போட்டு `Different First Page`ஐ டிக் பண்ணிக்கலாம்.

நாங்க பண்ணினது இப்படித்தான். மார்ஜினை ரெண்டு ஃபைல்லயும் நாலு பக்கமும் 2 செமீனு வச்சோம். 1.27 ரெஸ்யூமுக்கு ஓகே, அதுல எல்லாமே துண்டு துண்டு வரி, லெட்டர்ல முழு வாக்கியமா ஓடறப்ப வரி ரொம்ப நீளமாயிரும், கண்ணு அடுத்த வரியோட ஆரம்பத்தைத் தேடும். 2 செமீ வச்சா A4ல எழுத்துக்கு 17 செமீ அகலம் கிடைக்கும். ஒருவேளை உங்க ரெஸ்யூம்ல அத்தனை விசயமும் 1.27 இருந்தாத்தான் ஒரு பக்கத்துல அடங்கும்னா மார்ஜினை மாத்த வேண்டாம், ஹெடரை அப்படியே விட்டுட்டு லெட்டரோட உடம்புப் பாராவுக்கு மட்டும் `Paragraph` பாக்ஸ்ல `Right` இன்டென்ட் 1.5 செமீ குடுங்க. இடது ஓரம் ரெண்டுலயும் ஒரே கோட்டுல நிக்கும், வரியும் சித்த சின்னதாகும். இடது பக்கம் மட்டும் இன்டென்ட் குடுத்துராதீங்க, பேரு ஒரு கோட்டுலயும் லெட்டர் ஒரு கோட்டுலயும் நின்னா அதுதான் முதல்ல தெரியற தப்பு.

பேரு 20 பாயிண்ட் போல்டு, அதுக்குக் கீழ 2 பாயிண்ட் இடைவெளி. அடுத்த வரி 10 பாயிண்ட், இடது பக்கம் ஊரு, வலது பக்கம் போனும் மெயிலும். வலது பக்கம் கொண்டு போறதுக்கு ஸ்பேஸ் பாரை அடிச்சுட்டே போகாதீங்க, ஃபான்ட் மாறினா எல்லாம் கலைஞ்சிரும். ஊர் பேரு முடிஞ்சதும் ஒரே ஒரு டேப், அப்பறம் `Tabs` பாக்ஸ்ல 17 செமீல `Right` டேப் வைங்க, மார்ஜினை 1.27லயே விட்டிருந்தா 18.46ல, போன் நம்பர் வலது ஓரத்துல போய் ஒட்டி நிக்கும். அந்த வரிக்குக் கீழ ஒரு கோடு வேணும்னா `Shapes`ல இருந்து வரையாதீங்க, அது நகரும். வரியில கர்சரை வச்சு `Borders`ல `Bottom Border` குடுங்க, அது பாராவோடவே ஒட்டியிருக்கும், பேரு நகர்ந்தா கூடவே நகரும். அந்தப் பாராவுக்கு அடியில 18 பாயிண்ட் விட்டா ஹெடரும் லெட்டரும் நல்லாப் பிரிஞ்சு தெரியும்.

ஒண்ணு மறந்துராதீங்க, இந்த ஹெடர் ரெண்டு ஃபைல்ல இருக்கு. போன் நம்பர் மாத்தினா ரெண்டுலயும் மாத்தணும். லெட்டர்ல ஒரு நம்பரும் ரெஸ்யூம்ல ஒரு நம்பரும் இருக்கற செட்டை நானே கடையில பாத்து திருப்பிக் குடுத்திருக்கேன்.

பாரா இடைவெளி: என்டர் கீயை நம்பாதீங்க

கவர் லெட்டர் ஒரு பக்கத்துல அடங்கலைங்கறவங்க பத்துல எட்டு பேரு ஃபைல்ல நான் பாக்கறது இதுதான். `Ctrl+Shift+8` அழுத்துங்க, ஒவ்வொரு என்டருக்கும் ¶னு ஒரு குறி தெரியும். பாராவுக்கும் பாராவுக்கும் நடுவுல வெறும் ¶ மட்டும் நின்னுட்டு இருந்தா அது காலிப் பாரா, இடைவெளிக்காக ரெண்டு தடவை என்டர் தட்டினது. வேர்டு 2013ல இருந்து, கேலிப்ரி தானா வந்த வேர்டுல ஒவ்வொரு பாராவுக்கும் அடியில 8 பாயிண்ட் தானாவே இருக்கும், வரி இடைவெளி 1.08. கேலிப்ரி 11ல ஒரு வரி கிட்டத்தட்ட 14.5 பாயிண்ட் உயரம். அப்ப காலி பாரா ஒண்ணு விட்டா என்ன ஆகுது, மேல் பாராவோட 8, காலி வரி 14.5, அதுக்கு அடியில இன்னொரு 8, மொத்தம் 30 பாயிண்டுக்கு மேல, அதாவது ஒரு சென்டிமீட்டருக்கும் கூட. அந்தப் பொண்ணு லெட்டர்ல அப்படி ஒன்பது இடம். கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு பக்கம் வெறும் காத்துக்கே போயிருச்சு, கையெழுத்துப் போடற இடம் ரெண்டாவது பக்கத்துக்குப் போனது இதனாலதான்.

காலிப் பாரா அத்தனையையும் அழிச்சிட்டு, இடைவெளியை நம்பராவே குடுங்க. `Paragraph` பாக்ஸ்ல `After`ங்கற இடத்துல. நாங்க வச்ச கணக்கு: தேதிக்கு அடியில 12, கம்பெனி அட்ரஸ் முடிஞ்சதும் 12, சப்ஜெக்ட் வரிக்கு அடியில 10, ஐயா அம்மாங்கற விளிக்கு அடியில 8, உடம்புப் பாரா ஒவ்வொண்ணுக்கும் 8. இந்த 8 எங்க இருந்து வந்துச்சுன்னா ரெஸ்யூம்ல அவ புள்ளி வச்ச வரிகளுக்கு நடுவுல வச்சிருந்ததும் 8தான், அதையே எடுத்துக்கிட்டோம். உங்க ரெஸ்யூம்ல 6 இருந்தா லெட்டர்லயும் 6 வைங்க. வரி இடைவெளியும் அதே மாதிரி, ரெஸ்யூம்ல 1.08ன்னா லெட்டர்லயும் 1.08தான். பக்கம் நிறைஞ்ச மாதிரி தெரியட்டும்னு லெட்டரை மட்டும் 1.5க்கு ஏத்தினா ரெண்டும் ஒரே குடும்பம் மாதிரி இருக்காது.

இதுல ஒரு டிக் பாக்ஸ் ஆளைக் கொன்னுரும். 8 குடுத்தும் பாரா எல்லாம் ஒட்டிக்கிட்டே நிக்குதா? அதே `Paragraph` பாக்ஸ்ல `Don't add space between paragraphs of the same style`னு ஒண்ணு டிக் ஆயிருக்கும், எடுத்து விட்ருங்க. ரெஸ்யூம்ல புள்ளி வச்ச லிஸ்ட் ஸ்டைல்ல இது டிக் ஆகியேதான் வரும், அந்த வரியை அழிச்சுட்டு அதுமேலயே லெட்டரை டைப் பண்ணினா அந்தக் குணமும் கூடவே வந்துரும். லெட்டர் பாராவை எல்லாம் செலக்ட் பண்ணி `Normal` ஸ்டைலுக்கு மாத்திட்டா தெளிவாயிரும்.

கம்பெனி அட்ரஸ் மட்டும் வேற கதை. அது நாலு வரி, நடுவுல இடைவெளி வரக்கூடாது. அதுக்கு என்டர் இல்லாம `Shift+Enter` போட்டு வரியை உடைங்க, நாலும் சேர்ந்து ஒரே பாராவா இருக்கும், கடைசி வரிக்கு அடியில மட்டும் 12 வரும். எல்லாம் இடது பக்க அலைன்மென்ட்லயே இருக்கட்டும், ஜஸ்டிஃபை போட்டீங்கன்னா `Shift+Enter`ல முடியற வரி ரப்பர் மாதிரி இழுத்துக்கிட்டு நிக்க வாய்ப்பிருக்கு.

இப்ப மூணு பாராவும் சேர்த்து 14 வரி அடிச்சு முடிச்சதும் பாத்தா பக்கத்துக்கு அடியில 7 செமீ மாதிரி காலியா இருந்துச்சு. "தம்பி, கீழ இத்தனை வெள்ளை இருக்குதே, எழுத்தைப் பெருசு பண்ணிரலாமுங்களா"ன்னு அப்பா கேட்டாரு. வேண்டாமுங்கன்னேன். லெட்டர் மேல இருந்து ஆரம்பிக்கணும், மிச்சம் கீழ கிடக்கட்டும். அதை நிரப்பறதுக்குன்னு பக்கத்தை நடுவுக்குத் தள்ளினா பேரு கீழ இறங்கிரும், ரெஸ்யூமோட பேரு நிக்கற உயரத்துக்கு ஒட்டாது, இத்தனை நேரம் பண்ணின வேலையே வீணாயிரும்.

கையெழுத்து இடம்

லெட்டரோட முடிவு `Yours faithfully`, அதாவது சார், மேடம்னு பொதுவா எழுதியிருந்தா. ஆளோட பேரைப் போட்டு எழுதியிருந்தா `Yours sincerely`. அதுக்கு அடியில கையெழுத்து, அதுக்கு அடியில அடிச்ச பேரு. எல்லாரும் இங்கயும் நாலு தடவை என்டர் தட்டறாங்க, அப்பறம் மேல ஒரு வரி கூடினா அந்த என்டர் எல்லாம் பக்கத்தை விட்டு வெளிய தள்ளிரும். அதுக்கு மாத்தா, அடிச்ச பேரு இருக்கற பாராவுக்கு `Before`ல 42 பாயிண்ட் குடுங்க. அது 1.5 செமீக்கு ஒட்டி வரும், பால்பாயிண்ட் பேனாவுல ஒரு ஆளு தாராளமாக் கையெழுத்துப் போடலாம். நீளமா, மேலயும் கீழயும் சுழிச்சுப் போடறவங்க 48 வச்சுக்கலாம். நம்பத் தோணலைன்னா ஒரு வெள்ளைப் பேப்பர்ல அஞ்சு தடவை கையெழுத்துப் போட்டு ஸ்கேல் வச்சு உயரத்தை அளந்து பாருங்க, அதோட 3 மில்லி சேர்த்துக்கங்க. ஒரு மில்லிமீட்டர்னா 3 பாயிண்டுக்குக் கொஞ்சம் குறைவு, கணக்குப் போட்டுக்கலாம்.

அடுத்தது, `Yours faithfully` வரியையும் அதுக்கு மேல இருக்கற கடைசிப் பாராவையும் செலக்ட் பண்ணி `Line and Page Breaks`ல `Keep with next` டிக் பண்ணிருங்க. எப்பவாவது லெட்டர் நீண்டு போனாலும் பேரு மட்டும் தனியா ரெண்டாவது பக்கத்துல அனாதையா நிக்காது. பேருக்கு அடியில 12 பாயிண்ட் விட்டு `Encl: Resume`னு ஒரு வரி, அத்தோட லெட்டர் முடிஞ்சது.

கையில குடுக்கற லெட்டர்னா இந்த இடத்தைக் காலியா விட்டு பிரிண்ட் எடுத்து பேனாவுலயே போடுங்க, அதுக்கு ஈடு எதுவும் இல்ல. மெயில்ல பிடிஎஃபாப் போகுதுன்னா கையெழுத்தைப் படமா வைக்கலாம். வெள்ளைப் பேப்பர்ல கறுப்பு மையில போட்டு, போன் கேமராவுல சும்மா போட்டோ எடுக்காம ஸ்கேன் ஆப்ல கறுப்பு வெள்ளை ஃபில்டர் போட்டு எடுங்க. போட்டோவா எடுத்தா பேப்பரோட நிழல் சாம்பல் கட்டமா லெட்டர்ல விழும், வேர்டுல `Set Transparent Color` குடுத்தாலும் அது ஒரே ஒரு கலரைத்தான் எடுக்கும், நிழல்ல நூறு சாம்பல் இருக்கும், திட்டுத் திட்டா நிக்கும். படத்தை ஓரம் ஒட்ட வெட்டி, உயரம் 1.3 செமீ வச்சு, `In Line with Text`லயே இருக்கட்டும். படம் தானே 37 பாயிண்ட் இடம் எடுத்துக்கறதால பேரு பாராவோட `Before`ஐ 42ல இருந்து 4க்கு இறக்கிருங்க, இல்லேன்னா கையெழுத்து ஒரு பக்கம் பேரு ஒரு பக்கம் அந்தரத்துல தொங்கும். கையெழுத்தும் இல்ல படமும் இல்ல, வெறும் அடிச்ச பேருதான்னா 12 போதும், யாரும் போடாத கையெழுத்துக்கு எதுக்குக் குழி.

படம் வச்சதும் கையெழுத்தோட அடிப்பகுதி மட்டும் ஒரு கீத்து மாதிரி தெரிஞ்சு மேல மொத்தமும் வெட்டுப்பட்டா பயப்படாதீங்க, படம் கெட்டுப்போகல. அந்தப் பாராவோட `Line spacing` `Exactly`ல இருக்கு, அதுல 14 பாயிண்ட்னு போட்டிருந்தா அந்த 14க்கு மேல எதையும் காட்டாது. `Single`க்கு மாத்தினா முழுக் கையெழுத்தும் எந்திரிச்சு வரும்.

கடைசியா ஒட்டிப் பாக்கறது

ரெண்டையும் `Save As`ல PDFஆ சேவ் பண்ணுங்க, வேர்டு ஃபைலாவே அனுப்பினா அங்க அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல வேற ஃபான்ட் ஏறி எல்லா இடைவெளியும் நகரும். புது வேர்டுல தானா வர்ற ஆப்டோஸ் எழுத்து பழைய ஆபீஸ் இருக்கற கம்ப்யூட்டர்ல கிடையாது, எங்க கடையிலயே அது மாறிப்போயி வரி கூடி ரெண்டு பக்கமான லெட்டர் வந்திருக்கு.

ரெண்டு பிடிஎஃபையும் பக்கத்துப் பக்கத்து டேப்ல 100 சதவீதத்துல திறந்து `Ctrl+Tab` அழுத்தி மாத்தி மாத்திப் பாருங்க. பேரும் போனும் கோடும் அசையாம நிக்கணும், கீழ இருக்கறது மட்டும் மாறணும். பேரு மேலயோ பக்கவாட்டிலயோ துளி குதிச்சாலும் எங்கயோ ஒரு நம்பர் வேறயா இருக்கு, மறுபடியும் `Shift+F1`. எங்களுக்கு முதல் தடவை பேரு கீழ குதிச்சுது, பாத்தா ரெஸ்யூம்ல பேருக்கு மேல `Before` 0, லெட்டர்ல 6, டெக்ஸ்ட் பாக்ஸ்ல இருந்து எடுத்து ஒட்டறப்ப வந்தது.

பிரிண்ட் எடுக்கறப்ப `Fit`ல விடாம `Actual size`னு வைங்க, ரெண்டுக்கும். ஒண்ணு 97 சதவீதம் ஒண்ணு 100னு அடிச்சா பேப்பர்ல ஓரம் ஒட்டாது. வெளிய எங்கயாவது ஜெராக்ஸ் கடையில எடுத்தா இதை வாயைத் திறந்து சொல்லிருங்க, அவசரத்துல எங்க ஆளுகளே பாக்க மாட்டாங்க. அடிச்ச ரெண்டு தாளையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சு மூலை ஒட்ட நிமித்தி வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க. அந்தப் பொண்ணு கடை வாசல்ல போய் வெயிலுக்கு நேரா பிடிச்சுப் பாத்துச்சு, ரெண்டு தாள்ல இருந்த பேரும் ஒரே பேராத் தெரிஞ்சுது, கோடும் ஒரே கோடு. அப்பறம் உள்ள வந்து, கௌண்டர்ல இருந்த பேனாவை எடுத்து அந்த ஒன்றரை சென்டிமீட்டர்ல கையெழுத்துப் போட்டுச்சு.